நண்பர் ரெஸ்யூமேயை எச்.ஆருக்கு அனுப்பினார், பதில் இல்லை: எங்கே நின்றது என்று கண்டுபிடிப்பது எப்படி?

நண்பர் வேலை பார்க்கும் நிறுவனத்தில் ஓர் இடம் காலியாகிறது. "ரெஸ்யூமேயை அனுப்பு, எங்கள் எச்.ஆரிடம் கொடுத்துவிடுகிறேன்" என்கிறார். நீங்களும் அன்றே அனுப்பிவிடுகிறீர்கள். பிறகு ஒன்றும் நடப்பதில்லை. ஒரு வாரம் போனதும் மனம் இரண்டில் ஒரு முடிவுக்குத் தாவுகிறது: நண்பருக்கு அக்கறை இல்லை, அல்லது நிறுவனத்துக்கு நம்மைப் பிடிக்கவில்லை. பெரும்பாலும் இரண்டுமே உண்மையாக இருப்பதில்லை. அனுப்பியது வழியில் எங்கோ நின்றுபோயிருக்கும்.

நிற்கக்கூடிய இடங்கள் அதிகம் இல்லை. உங்கள் கையிலிருந்து நண்பரின் பெட்டிக்குப் போகிறது. அவர் அதை எச்.ஆர் முகவரிக்கு அனுப்புகிறார், அல்லது ஊழியர்கள் பரிந்துரை செய்வதற்கென்றே நிறுவனம் வைத்திருக்கும் உள் போர்ட்டலில் ஏற்றுகிறார். அங்கே விண்ணப்பங்களை வரிசைப்படுத்தும் மென்பொருள் உங்கள் பெயரில் ஒரு பதிவை உண்டாக்கி, அதை ஒரு வேலை எண்ணோடு, அதாவது அந்தக் காலியிடத்துக்கு நிறுவனம் கொடுத்திருக்கும் எண்ணோடு, இணைக்கிறது. கடைசியாக, ஆள் எடுக்கும் அலுவலர் அந்தப் பதிவைத் திறந்து பார்க்கிறார். இந்த நான்கு இடங்களில் எது அடைபட்டாலும் உங்களுக்குத் தெரிவது ஒரே மௌனம்தான். ஆனால் ஒவ்வோர் அடைப்புக்கும் ஒரு தனி அறிகுறி உண்டு.

ஒரு கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இப்படி நின்றுபோகும்போது எல்லோரும் ரெஸ்யூமேயைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் ரெஸ்யூமேயில் இல்லை; அதோடு சேர்த்து நண்பருக்கு எழுதிய நாலு வரியில் இருக்கிறது.

## அறிகுறி: "அனுப்பிவிடுகிறேன்" என்றார், ஒரு வாரமாகச் சத்தமில்லை

இதுதான் மிகப் பொதுவானது. இங்கே பெரும்பாலும் நண்பர் இன்னும் அனுப்பவே இல்லை. அனுப்பியிருந்தால் அதற்கு ஒரு தடயம் இருக்கும். பல போர்ட்டல்களில், ஊழியர் ஒருவரைப் பரிந்துரைத்தவுடன் அந்த நபருக்கே ஒரு தானியங்கி மின்னஞ்சல் போகும். "இந்த இணைப்பைத் திறந்து விண்ணப்பத்தை முடியுங்கள்" என்று அதில் இருக்கும். முதல் வேலையாக உங்கள் குப்பை அஞ்சல் பெட்டியைப் பாருங்கள். அந்த மின்னஞ்சல் அங்கே கிடந்தால் நண்பர் தன் பங்கைச் செய்துவிட்டார், விண்ணப்பத்தை முடிக்காமல் வைத்திருப்பது நீங்கள்தான். அப்படி எதுவும் இல்லை என்றால் நண்பரிடம் கேட்க வேண்டும். "என்ன ஆயிற்று?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், அதற்குக் கிடைக்கும் பதில் "பார்க்கிறேன்" என்பதுதான். "போர்ட்டலில் போட்டாயா, மின்னஞ்சலில் அனுப்பினாயா?" என்று கேளுங்கள். அனுப்பியவர் உடனே ஒன்றைச் சொல்வார். அனுப்பாதவர் சற்றுத் தயங்குவார்.

ஏன் அனுப்பவில்லை என்பதற்கு விடை, நீங்கள் எழுதிய செய்தியிலேயே இருக்கும். கணக்குத் துறையில் 7 ஆண்டு அனுபவமுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய கல்லூரித் தோழர் வேறொரு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் இருக்கிறார். கணக்காளர் எழுதியது இது:

> எப்படி இருக்கிறாய்? அன்று சொன்னாயே, ரெஸ்யூமேயை இணைத்திருக்கிறேன். உங்கள் நிறுவனத்தில் எனக்கு ஏற்றது எதுவாக இருந்தாலும் சரி. இங்கே மேலாளரின் தொல்லை தாங்க முடியவில்லை, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு நல்லது. சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் கொஞ்சம் கூடினால் போதும். நல்லபடியாக எடுத்துச் சொல்.

நண்பர்களுக்குள் இப்படித்தான் எழுதிக்கொள்கிறோம், அதில் தவறில்லை. ஆனால் இதைப் பெற்றவரின் இடத்தில் இருந்து பாருங்கள். "எதுவாக இருந்தாலும் சரி" என்றால், நிறுவனத்தின் காலியிடப் பட்டியலைத் திறந்து, தனக்குப் பழக்கமில்லாத கணக்குத் துறையில் எது பொருந்தும் என்று அவரே தேட வேண்டும். மேலாளரின் தொல்லையும் சம்பளமும் எச்.ஆர் கண்ணில் படக் கூடாது என்பதால் செய்தியை அப்படியே அனுப்ப முடியாது. புதிதாக ஒன்று எழுத வேண்டும். "நல்லபடியாக எடுத்துச் சொல்" என்பதுதான் எல்லாவற்றிலும் கனமானது. கல்லூரியில் கூடப் படித்தவரின் கணக்கு வேலை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்குத் தன் அலுவலகத்தில் தன் பெயரால் உறுதி சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே "இரவு உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒதுக்கி வைக்கிறார். அந்த இரவு வருவதில்லை.

இன்னொரு சில்லறைத் தடையும் உண்டு. ரெஸ்யூமேயைத் தொலைபேசியில் அரட்டைச் செயலி வழியாக அனுப்பியிருப்பீர்கள். நண்பர் போர்ட்டலைத் திறப்பது அலுவலகக் கணினியில். அந்தக் கணினியில் அரட்டைச் செயலி தடுக்கப்பட்டிருக்கலாம். கோப்பை ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டும் என்பதே ஒரு வாரத் தாமதத்துக்குப் போதும். எந்த முகவரிக்கு அனுப்பினால் வசதி என்று கேட்டு, அங்கே மின்னஞ்சலாக அனுப்புங்கள். அலுவலக முகவரிக்கு வேண்டாம் என்று நினைப்பவர்களும் உண்டு. அதனால் ஊகிக்காமல் கேட்பது நல்லது.

சரிசெய்வது: ஒரே செய்தியை இரண்டாகப் பிரிப்பது. ஒன்று நண்பருக்கு மட்டும். அது அரட்டையிலேயே போகட்டும். மற்றது நண்பர் வழியாக எச்.ஆருக்கு, அது தனி மின்னஞ்சல். அதே கணக்காளர், இந்த முறை நண்பருக்கு எழுதுவது:

> நீ சொன்ன மூத்த கணக்காளர் பணிக்கு ஒரு தனி மின்னஞ்சல் இப்போது அனுப்பியிருக்கிறேன். அதை அப்படியே எச்.ஆருக்கு அனுப்பலாம், நீ எதுவும் சேர்த்து எழுத வேண்டாம். போர்ட்டலில்தான் போட வேண்டும் என்றால் சொல், அது கேட்கும் விவரங்களை எழுதித் தருகிறேன். நாம் ஒன்றாக வேலை பார்த்ததில்லை, அதனால் என் வேலையைப் பற்றி நீ உறுதி சொல்ல வேண்டியதில்லை. கல்லூரியில் கூடப் படித்தவள் என்று சொன்னால் போதும். இதில் உனக்குச் சங்கடம் இருந்தால் தயங்காமல் சொல்லிவிடு, நானே நேரடியாக விண்ணப்பித்துக்கொள்கிறேன்.

தனி மின்னஞ்சலின் தலைப்பு: "மூத்த கணக்காளர், வேலை எண் 4471: ரெஸ்யூமே". உள்ளே:

> வணக்கம். மூத்த கணக்காளர் பணிக்கு (வேலை எண் 4471) என்னைப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> 7 ஆண்டுகளாகச் சரக்கு வழங்குவோர் கணக்குகளைக் கவனித்துவருகிறேன். தற்போது ஓர் உற்பத்தி நிறுவனத்தில் 3 பேர் கொண்ட குழுவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். விளம்பரத்தில் கேட்டிருக்கும் இரண்டு பணிகளை நேரடியாகச் செய்திருக்கிறேன். மாத இறுதிக் கணக்கு முடிப்பு 9 நாள் எடுத்துக்கொண்டிருந்தது. அதை 5 நாளாகக் குறைத்த முயற்சியை முன்னின்று நடத்தினேன். கணக்கு மென்பொருள் மாற்றப்பட்டபோது, நிலுவைகளைச் சரிபார்த்துப் புதியதற்குக் கொண்டுசென்ற பொறுப்பும் என்னுடையது.
>
> முன்னறிவிப்புக் காலம் 60 நாள். இதை அனுப்பும் நண்பர் என் கல்லூரித் தோழர். நாங்கள் ஒன்றாகப் பணிபுரிந்ததில்லை. ரெஸ்யூமே இணைப்பில் உள்ளது.
>
> (பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல்)

இவ்வளவுதான். தொலைபேசித் திரையில் பெரிதாக உருட்டாமல் படித்து முடிக்க வேண்டும் என்பதே நீளத்துக்கு நான் வைத்துக்கொள்ளும் அளவு. அந்த அலுவலகம் எந்த மொழியில் கடிதம் எழுதுகிறதோ அந்த மொழியில் எழுதுங்கள். இருக்க வேண்டிய விவரங்கள் மாறாது. எந்த வேலை, அதற்கு ஏன் நீங்கள், எப்போது வர முடியும், நண்பருக்கு உங்களை எப்படித் தெரியும். ஏன் நீங்கள் என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். அவையும் விளம்பரத்தில் கேட்டிருப்பவற்றிலிருந்துதான் வர வேண்டும். உங்களுக்குப் பெருமையாகத் தோன்றுவதிலிருந்து அல்ல.

சம்பளம், இப்போதைய வேலையை விடும் காரணம், குடும்பச் சூழல் ஆகிய மூன்றுக்கும் இந்தக் குறிப்பில் இடமில்லை. கேட்டால் நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

"ஒன்றாகப் பணிபுரிந்ததில்லை" என்ற வரியைக் கண்டதும் பலர் திகைப்பார்கள். பரிந்துரையின் வலுவை நாமே குறைத்துக்கொள்கிறோமே என்று தோன்றும். ஆனால் நண்பரின் கையை அவிழ்த்துவிடுவது அந்த வரிதான். தனக்குத் தெரியாததற்குத் தான் பொறுப்பில்லை என்று எழுத்திலேயே இருப்பதால், அவர் தயங்காமல் அனுப்புவார். எச்.ஆருக்கும் இது புதிதல்ல. பரிந்துரையில் வருகிறவர்கள் எல்லோரும் கூட வேலை பார்த்தவர்கள் அல்லர் என்பது அவர்களுக்குத் தெரியும். மிகையாகச் சொல்லும் பரிந்துரையைவிட, உறவின் அளவை ஒளிக்காமல் சொல்வதை அவர்கள் எளிதாக நம்புகிறார்கள்.

## அறிகுறி: போர்ட்டலில் போட உட்கார்ந்தவர் பாதியில் விட்டுவிட்டார்

இது மேலே சொன்னதன் தம்பி. நண்பர் உண்மையிலேயே போர்ட்டலைத் திறந்திருப்பார். அங்கே ரெஸ்யூமே ஏற்றும் இடத்தோடு சில கேள்விகளும் இருக்கும்: இவரை எப்படித் தெரியும், எத்தனை ஆண்டுகளாக, ஒன்றாக வேலை பார்த்தீர்களா, இந்தப் பணிக்கு ஏன் பொருத்தமானவர். கடைசிக் கேள்வியின் வெற்றுப் பெட்டியைப் பார்த்ததும் கை நின்றுவிடும்.

"எல்லாம் போட்டேன், ஒரு பெட்டியில் என்னவோ கேட்டது, பிறகு நிரப்புகிறேன்" என்று அவர் சொன்னால் அடைப்பு இங்கேதான். நீங்கள் மின்னஞ்சலில் எழுதியது "நான்" என்று இருக்கும். போர்ட்டலில் பேசுவது நண்பர். அவர் வாயிலிருந்து வருவதுபோல் மூன்று வாக்கியம் எழுதிக் கொடுங்கள்:

> கல்லூரிக் காலத்திலிருந்து எனக்குத் தெரிந்தவர், ஒன்றாகப் பணிபுரிந்ததில்லை. சரக்கு வழங்குவோர் கணக்குகளில் 7 ஆண்டு அனுபவம் உள்ளவர். மாத இறுதிக் கணக்கு முடிப்பை விரைவுபடுத்தியது, மென்பொருள் மாற்றத்தில் நிலுவைகளைச் சரிபார்த்தது ஆகியவை அவர் ரெஸ்யூமேயில் உள்ளன.

கடைசி வாக்கியத்தின் முடிவைக் கவனியுங்கள். "அவர் திறமைசாலி" என்று இல்லை. "ரெஸ்யூமேயில் உள்ளன" என்று இருக்கிறது. நண்பர் தான் பார்க்காத எதையும் சொல்லாமலே பெட்டியை நிரப்பிவிடலாம். உண்மையில் உங்களோடு வேலை பார்த்தவர் என்றால் இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை. அவர் கண்ணால் பார்த்த ஒரு நிகழ்வை நினைவூட்டி, அதை அவர் சொந்தச் சொற்களில் எழுதச் சொல்லுங்கள். அப்படி ஒரு வரி கிடைத்தால், நீங்கள் எழுதித் தரும் எதையும்விட அதற்கு மதிப்பு அதிகம்.

## அறிகுறி: "வைத்திருக்கிறோம், பொருத்தமானது வந்தால் சொல்கிறோம்" என்று பதில் வந்தது

மரியாதையான பதில்தான். அதன் பொருள், உங்கள் ரெஸ்யூமே எந்த வேலை எண்ணோடும் இணைக்கப்படாமல் பொதுக் கிடங்குக்குப் போய்விட்டது என்பது. ஆள் எடுக்கும் அலுவலர் தினமும் திறப்பது தன் பொறுப்பில் உள்ள வேலை எண்களின் பட்டியலை. பொதுக் கிடங்கை அவர் தேடிப் பார்ப்பது, பட்டியலில் வந்தவர்கள் போதாமல் போகும்போதுதான்.

காரணம் இரண்டில் ஒன்று. நீங்கள் வேலை எண்ணைக் கொடுக்கவில்லை. அல்லது கொடுத்த எண்ணுக்கான இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. நிறுவனத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் அந்த விளம்பரம் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எண்ணோடு ஒரு வரி எழுதி நண்பரிடம் கொடுங்கள்: "முன்பு அனுப்பிய ரெஸ்யூமே வேலை எண் 4471-க்கானது, அதோடு இணைக்க முடியுமா?" இந்த ஒரு வரிக்குப் பலன் உண்டு. பதிவு ஏற்கெனவே இருப்பதால் அலுவலர் செய்ய வேண்டியது சிறிய வேலைதான்.

விளம்பரம் போய்விட்டிருந்தால், கிடங்கில் கிடப்பதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அடுத்த விளம்பரம் வரும்போது புதிதாக, அந்த எண்ணோடு, மறுபடி கேட்க வேண்டும். ஒரே நேரத்தில் நாலைந்து வேலை எண்களைக் கொடுத்தால் வாய்ப்பு பெருகும் என்று சிலர் எண்ணுகிறார்கள். மூத்த கணக்காளர், விற்பனை மேலாளர், நிர்வாக அலுவலர் என்று மூன்றுக்கும் ஒரே பெயர் வந்தால், எதிலும் தெளிவில்லாதவர் என்ற எண்ணமே மிஞ்சும். நெருங்கிய இரண்டு பணிகள் என்றால் இரண்டையும் சொல்லி, எது முதல் விருப்பம் என்றும் சொல்லிவிடுங்கள்.

## அறிகுறி: "இவர் ஏற்கெனவே எங்கள் பதிவில் இருக்கிறார்"

இது நண்பருக்குச் சற்று அவமானமாக இருக்கும் பதில். உங்களுக்கும் குழப்பம். மென்பொருள் பெரும்பாலும் மின்னஞ்சல் முகவரியை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறது. அந்த முகவரியில் முன்பே ஒரு பதிவு இருந்தால், புதிய பரிந்துரை அதன் மேல் போய் மோதுகிறது.

முன்பே பதிவு எப்படி வந்திருக்கும்? நீங்களே நிறுவனத்தின் தளத்தில் எப்போதோ விண்ணப்பித்து மறந்திருக்கலாம். வேலைக்கு ஆள் தேடித் தரும் முகவர் யாராவது உங்கள் ரெஸ்யூமேயை அங்கே கொடுத்திருக்கலாம். அல்லது அதே நிறுவனத்தில் உள்ள வேறொரு நண்பர் உங்களை முந்திப் பரிந்துரைத்திருக்கலாம். பல நிறுவனங்களில் பரிந்துரைத்த ஊழியருக்கு ஊக்கத்தொகை உண்டு; முகவருக்குக் கட்டணம் உண்டு. யார் வழியாக வந்தார் என்பது பணம் சம்பந்தப்பட்ட கேள்வி ஆகிவிடுவதால், எச்.ஆர் இதில் கறாராகத்தான் இருக்கும்.

நீங்களே விண்ணப்பித்திருந்தால் பெரிய சிக்கல் இல்லை. பல இடங்களில் ஏற்கெனவே உள்ள பதிவோடு நண்பரின் பெயரை இணைத்துக்கொள்வார்கள். சில இடங்களில், பரிந்துரை முதலில் வந்தால்தான் கணக்கில் கொள்வார்கள். விதி எதுவாக இருந்தாலும் குறிப்பில் ஒரு வரி முன்கூட்டியே இருந்தால் மோதல் வராது: "இதே மின்னஞ்சல் முகவரியில் சென்ற ஆண்டு வேறொரு பணிக்கு விண்ணப்பித்திருக்கிறேன்." நண்பரும் அதிர்ச்சியடைய மாட்டார்.

முகவர் கொடுத்திருந்தால் கதை வேறு. நிறுவனமும் முகவரும் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்தில், முகவர் அறிமுகப்படுத்திய நபர் 6 மாதமோ 12 மாதமோ அவர் வழியாக வந்தவராகவே கருதப்படுவார் என்று இருப்பது வழக்கம். அந்தக் காலம் முடியும்வரை நண்பரின் பரிந்துரைக்கு இடமில்லாமல் போகலாம். இதை நண்பரால் சரிசெய்ய முடியாது, அவரை எச்.ஆரோடு வாதாட விடாதீர்கள். எந்தெந்த நிறுவனங்களில் உங்கள் ரெஸ்யூமேயைக் கொடுத்திருக்கிறார் என்று முகவரிடம் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் ஒப்புதல் இல்லாமலே கொடுத்திருந்தால், அதை நீங்கள் நேரடியாக, உங்கள் பெயரில் எச்.ஆருக்கு எழுத வேண்டும்.

புதிய மின்னஞ்சல் முகவரி ஒன்றைத் திறந்து அதில் மறுபடி அனுப்புவது பலருக்குத் தோன்றும் குறுக்கு வழி. செய்யாதீர்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் பணிபுரிந்த இடங்களும் ஒன்றாக இருப்பதை யாராவது ஒருவர் கவனிப்பார். அப்போது சாதாரணத் தகவல் பிழை, ஏமாற்ற முயன்றதாக மாறிவிடும். அந்தக் கறை நண்பரின் பெயரிலும் படியும்.

அதே நிறுவனத்தில் இரண்டு நண்பர்கள் இருந்தால் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுங்கள். பதவியில் உயர்ந்தவர் யார் என்று பார்ப்பதைவிட, ஆள் எடுக்கும் குழுவுக்கு அருகில் இருப்பவர் யார் என்று பார்ப்பது மேல். மற்றவரிடம் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அவரும் நல்லெண்ணத்தில் இன்னொரு பதிவை உண்டாக்கிவிடுவார்.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் நெருங்கிவிட்டது, நண்பர் இன்னும் அனுப்பவில்லை என்றால் என்ன செய்வது? இரண்டு நாள் முன்வரை காத்திருக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். தளத்தில் நீங்களே விண்ணப்பித்துவிட்டு, தேதியையும் எந்த முகவரியில் விண்ணப்பித்தீர்கள் என்பதையும் நண்பருக்குச் சொல்லிவிடுங்கள்.

## அறிகுறி: அழைப்பு வந்தது, ஆனால் பேச்சு தடம் மாறியது

அலுவலர் தொலைபேசியில் பேசுகிறார். "வரி விவகாரங்களில் நீங்கள் நிபுணர் என்று சொன்னார்கள்" என்கிறார். நீங்கள் வரி வேலை பார்த்ததே இல்லை. நண்பர் அன்பின் மிகுதியில் இரண்டு வரி சேர்த்து எழுதியிருக்கிறார். அல்லது அலுவலர், "இப்போதைய மேலாளரோடு என்ன பிரச்சினை?" என்று கேட்கிறார், உங்கள் முதுகுத்தண்டு சில்லிடுகிறது.

இரண்டாவதற்குக் காரணம் எளியது. மின்னஞ்சலை வேறொருவருக்கு அனுப்பும்போது அதன் அடியில் தொங்கும் பழைய உரையாடலும் சேர்ந்து போகும். தலைப்பில் `Fwd:` என்று தொடங்கும் கடிதத்தைத் திறப்பவர் கீழே உருட்டிப் பார்ப்பார். அது இயல்பு. அதனால்தான் எச்.ஆருக்கான குறிப்பைப் பழைய கடிதத்துக்குப் பதிலாக எழுதாமல், புதிய கடிதமாகத் தொடங்க வேண்டும். நண்பரோடு பேசும் மற்ற எதுவும் அந்தக் கடிதத்துக்குள் வரக் கூடாது. போய்விட்டது என்றால் திரும்ப எடுக்க முடியாது. கேட்டால், "இன்னும் பெரிய பொறுப்பைத் தேடுகிறேன், மேலாளரோடு வேலை முறையில் கருத்து வேறுபாடு உண்டு" என்று சொல்லி நிறுத்துங்கள். இல்லவே இல்லை என்று மறுப்பதும், நீட்டி விளக்குவதும் இரண்டுமே கெடுதல்.

மிகைப்படுத்தலை அந்த அழைப்பிலேயே திருத்துங்கள்: "அது தவறுதலாக வந்திருக்கும். வரித் தாக்கல் நான் நேரடியாகச் செய்ததில்லை. என் அனுபவம் சரக்கு வழங்குவோர் கணக்குகளிலும் மாத இறுதி முடிப்பிலும்தான்." சில நொடி சங்கடம்தான். நேர்காணல்வரை அதைச் சுமந்துகொண்டு போனால், அங்கே வரி பற்றிக் கேட்பார்கள். பிறகு நண்பரிடமும் சொல்லுங்கள், குறைகூறும் தொனியில் அல்ல. வேறு யாராவது அவரிடம் கேட்டால் அதையே திரும்பச் சொல்லாமல் இருப்பதற்காக.

## அறிகுறி: கோப்பு திறக்கவில்லை, அல்லது விவரங்கள் சிதறியிருந்தன

இது விரைவாகத் தீரும். கோப்பு பகிர்வு இணைப்பாக அனுப்பியிருந்தால், அனுமதி இல்லை என்ற திரைதான் எச்.ஆருக்குத் தெரியக்கூடும், எப்போதும் கோப்பையே இணையுங்கள். கடவுச்சொல் போட்டுப் பூட்டாதீர்கள். `resume_final_v3_new.docx` என்ற பெயர் அலுவலரின் கணினியில் மற்றவர்களின் ரெஸ்யூமேக்களோடு கலந்துவிடும். உங்கள் பெயரும் பணியின் பெயரும் கோப்பின் பெயரில் இருக்கட்டும்.

மென்பொருள் உங்கள் ரெஸ்யூமேயிலிருந்து பெயர், எண், பணி அனுபவம் ஆகியவற்றைத் தானே படித்தெடுக்க முயலும். பக்கத்தைப் பக்கவாட்டில் இரண்டு பத்தியாகப் பிரித்த வடிவமைப்பும், கட்டங்களுக்குள் எழுதியதும், பக்கத்தின் மேல்விளிம்பில் வைத்த தொலைபேசி எண்ணும் அதைத் தடுமாற வைக்கும். சோதிக்க ஒரு வழி: பி.டி.எஃப் கோப்பைத் திறந்து, முழுவதையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, வெற்று எழுத்துக் கோப்பு ஒன்றில் ஒட்டிப் பாருங்கள். வரிசை மாறிக் குழம்பி வந்தால் மென்பொருளுக்கும் பெரும்பாலும் அப்படித்தான் தெரியும். ஒன்றுமே ஒட்டவில்லை என்றால் அது வருடியெடுத்த படம். மூலக் கோப்பிலிருந்து மறுபடி பி.டி.எஃப் ஆக்குங்கள்.

## அறிகுறி: எல்லாம் சரியாகப் போயிற்று, ஆனால் முடிவு இல்லை, அல்லது மறுப்பு வந்தது

மறுப்பு சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ வந்தால், பெரும்பாலும் மனிதர் யாரும் படித்திருக்க மாட்டார்கள். விண்ணப்பத்தில் "ஆம், இல்லை" என்று கேட்ட கட்டாயக் கேள்வி ஒன்று, குறிப்பிட்ட சான்றிதழ் இருக்கிறதா, அங்கே வேலை செய்ய அனுமதி இருக்கிறதா என்பது போன்றது, உங்களை வடிகட்டியிருக்கும். நீங்கள் தவறுதலாகக் குறித்திருந்தால் மட்டும் நண்பர் வழியாக அலுவலருக்குத் தெரிவிக்கலாம். சரியாகத்தான் குறித்தீர்கள் என்றால் பரிந்துரையால் அந்தக் கதவு திறக்காது. சில நாள் கழித்து வந்த மறுப்பு, பெரும்பாலும் யாரோ ஒருவர் படித்துப் பார்த்து எடுத்த முடிவாக இருக்கலாம். காரணம் கேட்டு நண்பரைத் தூது அனுப்பாதீர்கள். அவருக்கும் சொல்ல மாட்டார்கள்.

பதிலே இல்லை என்றால், நண்பர் அனுப்பிய நாளிலிருந்து ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து ஒருமுறை கேட்கலாம். அப்போதும் அவரால் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக இருக்கட்டும்: "போர்ட்டலில் என் பெயருக்கு எதிரே நிலை ஏதாவது காட்டுகிறதா?" பல போர்ட்டல்களில் பரிந்துரைத்தவருக்குத் தெரிவது "பரிசீலனையில்" என்ற ஒற்றைச் சொல்தான்; அதற்கு மேல் அவருக்கும் எதுவும் தெரியாது. அலுவலரின் பெயர் தெரிந்தால், நண்பரின் ஒப்புதலோடு நீங்களே நேரடியாக ஒரு வரி எழுதிவிடுவது இருவருக்கும் நல்லது.

வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டால், அல்லது இங்கே நேர்காணல் நடந்து முடிவு வந்துவிட்டால், அதை நண்பர் எச்.ஆரிடமிருந்து தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள். பல நேரங்களில் அவருக்கு யாரும் சொல்லவே மாட்டார்கள். அவர் அதே அலுவலரை நடைவழியில் பார்த்து உங்களைப் பற்றி விசாரித்துக்கொண்டிருப்பார். அன்றே அனுப்ப ஒரு வரி போதும்: "4471-க்கு நேற்று மறுப்பு வந்துவிட்டது, இனி யாரிடமும் கேட்க வேண்டாம், நீ அனுப்பியதால்தான் ரெஸ்யூமேயைப் பார்த்தார்கள், நன்றி." வேலை வேறு இடத்தில் கிடைத்திருந்தால் எச்.ஆருக்கும் விலகல் கடிதம் ஒன்றை நீங்களே எழுதிவிட்டு, அதன் நகலை நண்பருக்கும் அனுப்பிவிடுங்கள்.